நாலணாக் கணக்கும் நாலு காசும்: சிரசுத் திருவிழாக் கதையில் இருபது பைசா எங்கே போனது?

சில்லறைப்பை | மே 16, காலை 9.10

கதைக்காரன் இங்கே போட்ட கதையைப் படித்தேன். 1986, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஐந்து ரூபாய் நோட்டோடு பொம்மை வாங்கப் போகிற ஒரு பையன். எல்லாம் சரி, ஆனால் முடிச்சு நம்பும்படி இல்லை. பொம்மைக் கடைக்காரர் மீதியில் ஒரு ரூபாய்க்கு நாலு இருபது பைசாவைக் கொடுத்தாராம், பையன் அதை நாலு நாலணா என்று வாங்கிக்கொண்டானாம். 1982-க்குப் பிறகு வந்த இருபது பைசா அலுமினியம், ஆறு மூலை, ஊதினால் பறந்துவிடும். நாலணா என்கிற இருபத்தைந்து பைசா வட்டம், அதைவிடச் சின்னது, கையில் கனம் தெரியும். கண்ணை மூடினாலும் விரல் சொல்லிவிடும். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு இது கூடவா தெரியாது?

கதைக்காரன் | மே 16, பகல் 1.40

தெரியும். இருபது பைசாவைச் சுண்டிவிட்டு விளையாடியவன் அவன். காசு எது என்பதில் அவன் குழம்பவில்லை, எண்ணிக்கையில் விழுந்துவிட்டான். அதைக் கதையில் சரியாகச் சொல்லாமல் விட்டது என் தப்பு. விரல் கணக்குப் பகுதியை "நீளுகிறது" என்று வெட்டிவிட்டேன். அது இல்லாமல் படித்தால் உங்களுக்குத் தோன்றியதுதான் எல்லோருக்கும் தோன்றும்.

வெட்டிய பகுதி இது.

ஆயாவுக்கு நயா பைசா கடைசி வரை பிடிக்கவில்லை. 1957-இல் அணா போய்ப் பைசா வந்தபோதே அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல். பேரனுக்கு அவள் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: "எந்த விலை சொன்னாலும் நாலணாவா மாத்திக்கோ. விரலுக்கு ஒரு ரூபா." விரலில் மூன்று கோடு, ஒரு நுனி. ஆக நாலு. கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால் ஒரு விரல் முடியும்போது ஒரு ரூபாய் முடிந்திருக்கும். சுட்டு விரலிலிருந்து சுண்டு விரல் வரை நாலு ரூபாய். கட்டை விரலில் கோடு இரண்டுதான், அதோடு அது எண்ணுகிற விரல். அதனால் கட்டை விரலை அம்மாவின் ரூபாய் என்று ஒதுக்கி வைத்தான் பையன். "ஒரு ரூபா திருப்பிக் கொண்டாந்துடணும்" என்பது அம்மா போட்ட கண்டிஷன்.

மீதி பதினாறு நாலணா, நாலு விரல். கடைக்காரர்கள் விலை சொல்வதும் இதே பாஷையில்தானே? ஒன்னேகால், ஒன்னரை, ஒன்னேமுக்கால். ஒன்னேமுக்கால் என்றால் ஒரு விரல், அடுத்த விரலில் மூன்று கோடு. தாளும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். கூட்டத்தில் கையை டவுசர் பைக்குள் விட்டுக்கொண்டே கணக்குப் போடலாம். அவன் கையில் பணம் எவ்வளவு என்று பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

கதைக்காரன் | மே 16, இரவு 10.25

அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியதால் பாதியில் நின்றது. கடைகளுக்கு வருகிறேன்.

காலையில் முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு கிளம்பி, வழியெல்லாம் தேங்காய் உடைபட்டு, கோபாலபுரம் கோயிலில் சண்டாளச்சி சிலையின் உடம்பில் பொருத்தியாகிவிட்டது. பையனுக்கு அதெல்லாம் மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தது. அவன் வேலை சாயங்காலத்தில்தான் தொடங்குகிறது. ராத்திரி வாணவேடிக்கைக்கு முன்னால் பொருள்களை வாங்கிவிட வேண்டும்.

வேண்டியவை: ஒரு பிளாஸ்டிக் கார், ஒரு ஊதல், ஒரு பம்பரம், தங்கச்சிக்குச் சொப்பு. கார் மூன்று கடையில் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த ஒரே சிவப்புக் கார்.

கோயில் தெருக் கடையில் ரெண்டு ரூபாய், இரண்டாக எடுத்தால் மூன்றரை. அடுத்த கடையில் ஒன்னேமுக்கால், ஒரு பைசா குறையாது. ஆற்றங்கரைக் கடையில் ரெண்டு ரூபாய், ஆனால் ஒரு ஊதல் சும்மா.

முதல் கடைக்காரர், "ஜோடியா எடு கண்ணு, எட்டணா லாபம்" என்றார். பையன் விரலைத் தொட்டுப் பார்த்தான். ஜோடிக்குப் பதினாலு நாலணா, ஒன்றுக்கு ஏழு. அடுத்த கடையில் ஒற்றைக் கார் ஏழுதான். எட்டணா லாபம் என்பது அவருடைய ரெண்டு ரூபாயோடு ஒப்பிட்டால் மட்டும். பக்கத்துக் கடையோடு ஒப்பிட்டால் லாபமே இல்லை, வேண்டாத இரண்டாவது கார்தான் மிச்சம். இரண்டாவது காருக்கு ஆள் இருந்தாலும்கூட விலை அதேதான்.

ஆக முதல் கடை போச்சு. இரண்டாவதா, மூன்றாவதா என்பதுதான் கேள்வி. அங்கே ஏழு, இங்கே எட்டும் ஊதலும். கரையில் உட்கார்ந்து கூடையில் ஊதல் விற்ற கிழவரிடம் விலை கேட்டான். எட்டணா, அதாவது இரண்டு நாலணா. இரண்டாவது கடையில் காரும் கிழவரிடம் ஊதலுமாக வாங்கினால் ஒன்பது. மூன்றாவது கடையில் எட்டு. ஒரு நாலணா மிச்சம்.

லுங்கிக்கடை | மே 17, காலை 7.30

நாங்கள் மூன்று தலைமுறையாக வியாபாரம். சும்மா என்று எவன் கொடுத்தாலும் அதன் விலை உள்ளேயே ஏறியிருக்கும். ஒன்னேமுக்கால் காரை ரெண்டு ரூபாய் என்று சொல்லிவிட்டு ஊதலைக் கையில் திணிக்கிறான். பையன் இரண்டாவது கடைக்குத்தான் போயிருக்க வேண்டும். கணக்குத் தெரிந்த பையன் என்று எழுதிவிட்டு இப்படி ஏமாற விட்டிருக்கிறீர்கள்.

கதைக்காரன் | மே 17, காலை 11.05

பாதி சரி. ஊதலுக்கும் சேர்த்து நாலணா ஏற்றித்தான் வைத்திருக்கிறார். ஆனால் வெளியே எட்டணா விற்கிற ஊதலுக்கு அவர் ஏற்றியது நாலணாதான். ஊதல் வேண்டும் என்பவனுக்கு மூன்றாவது கடை. வேண்டாதவனுக்கு இரண்டாவது. எது மலிவு என்பது வாங்குகிறவன் கையில் இருக்கிற பட்டியலைப் பொறுத்தது, கடையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பையன் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஊதலைப் பட்டியலில் வைத்திருந்தான் என்பதுதான் இதில் முக்கியம். அங்கே போய்ப் பார்த்த பிறகு ஆசைப்பட்டிருந்தால் நீங்கள் சொன்னதே சரி, கடைக்காரர் ஜெயித்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்கே இதில் ஒரு சந்தேகம் உண்டு. ஊதல் முதலிலிருந்தே பட்டியலில் இருந்ததா, இல்லை கடையைப் பார்த்த பிறகு பட்டியலில் ஏறியதா? முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு எழுதும்போது நம்மை நாமே கெட்டிக்காரன் ஆக்கிவிடுகிறோம்.

ஆமாம், பையன் நான்தான். எல்லோருக்கும் தெரிந்திருக்கும், சும்மா சுற்றி வளைத்தேன்.

ஆம்பூர்வாசி | மே 17, மாலை 5.50

பேரம் பற்றியா பேசுகிறீர்கள்? போன வாரம் எங்கள் ஊர்த் திருவிழாவில் வளையம் எறிகிற கடையில் மாட்டிக்கொண்டேன். சோப்பு, சீப்பு, ஒரு பெரிய கடிகாரம். வளையம் எதன் மேல் விழுகிறதோ அது நமக்கு. என் பையனுக்காக ஆரம்பித்து நான் ஐம்பது ரூபாய் விட்டேன். கிடைத்தது ஒரு சீப்பு. கடிகாரத்தை வைத்திருந்த கட்டையின் மேல் ஒரு வளையத்தை மெதுவாக வைத்துப் பார்க்கிறேன் என்றேன், கடைக்காரர் விடவில்லை. இதற்கு என்ன செய்யலாம்?

கதைக்காரன் | மே 17, இரவு 9.15

கேள்வி அது இல்லை, ஆனாலும் சொல்கிறேன். வைத்துப் பார்க்க விடவில்லை என்றதுமே கையை எடுத்திருக்க வேண்டும். வளையம் கட்டையைச் சுற்றித் தட்டையாக விழ வேண்டும் என்பது நிபந்தனை. சோப்புக்கட்டை சின்னது, வளையம் தாராளமாக இறங்கும். கடிகாரக் கட்டையின் மூலைக்கு மூலை அளவு வளையத்தின் உள்விட்டத்துக்கு ஒட்டினாற்போல இருக்கும். நேர் மேலேயிருந்து அழுத்தினால் இறங்கும், சாய்ந்து வந்து விழுகிற வளையம் ஒரு மூலையில் தொங்கிக்கொள்ளும். கதையிலும் அந்தக் கடை வருகிறது, பையன் பத்து நிமிஷம் நின்று பார்க்கிறான், ஒருத்தனும் கடிகாரம் வாங்கவில்லை, நகர்ந்துவிடுகிறான். ஒரே வரி.

கதைக்காரன் | மே 18, காலை 6.40

சில்லறைப்பையின் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. ஆற்றங்கரைக் கடை. கார் ஒன்று, ஊதல் ஒன்று, ரெண்டு ரூபாய். ஐந்து ரூபாய் நோட்டை நீட்டினான். வர வேண்டியது மூன்று ரூபாய். கடைக்காரர் ஒரு இரண்டு ரூபாய் நோட்டைக் கொடுத்தார், மேலே காசுகள். பின்னால் இருந்து கூட்டம் நெருக்குகிறது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் கடைக்காரர் முதுகுக்குப் பின்னால். பையன் நோட்டுக்கு இரண்டு விரல் வைத்தான். காசை எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விரல் முடிந்தது. ஒரு ரூபாய்.

அவ்வளவுதான். ஆறு மூலை என்பது விரலுக்குத் தெரிந்திருக்கும், கண்ணுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் "நாலு காசு ஒரு ரூபாய்" என்று சாயங்காலம் முழுக்கப் பழகிய கை, நாலாவது காசு வந்ததும் கணக்கை மூடிவிட்டது. இருபது பைசாவுக்கு ஐந்து காசு வேண்டும். ஆயாவின் விரலில் ஐந்தாவது கோடு கிடையாது.

வாத்தியார் (ஓய்வு) | மே 18, பகல் 12.20

அணைக்கட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். ஆயாவின் முறையில் குற்றம் இல்லை, அளவுகோல் பெரிதாகிவிட்டது. இருபத்தைந்தையும் இருபதையும் மீதியில்லாமல் அளக்கக்கூடிய மிகப் பெரிய அளவு ஐந்து பைசா. நாலணாவை அலகாக வைத்தவனுக்கு இருபது பைசாவின் விலை கண்ணுக்கே படாது.

வேடிக்கை என்னவென்றால் அந்த ஐந்து பைசாவுக்கு நம் பழைய கணக்கில் பேரே இருக்கிறது. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. ரூபாயில் ஒரு மா ஐந்து பைசா. இருபது பைசா நாலுமா. நாலணா ஐந்து மா. எண்சுவடி படித்த கிழவர்களுக்கு நாலுமா என்று சொல்லியிருந்தால் சட்டென்று பிடித்திருப்பார்கள். அணாவோ மாகாணி, அதாவது ஒரு மாவும் அதன் காலும் சேர்ந்தது, பதினாறில் ஒரு பங்கு. ஆயா மாகாணி வாய்ப்பாட்டுக்காரி. நயா பைசா மா வாய்ப்பாட்டுக்காரன். அவளுக்கு அது பிடிக்காமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

கதைக்காரன் | மே 18, பகல் 2.00

இதைக் கதையில் போட்டுக்கொள்ளட்டுமா? ஆனால் ஐந்து ரூபாய் நூறு மா ஆகிவிடுகிறது. பத்து வயசுப் பையன் நூறை எந்த விரலில் வைப்பான்?

வாத்தியார் (ஓய்வு) | மே 18, பகல் 2.35

விரலில் ரூபாயை மட்டும் வைக்கலாம், சில்லறையை மனசில் மாவாக வைக்கலாம். என் மாணவர்கள் செய்தார்கள். எல்லோரும் இல்லை.

சில்லறைப்பை | மே 18, இரவு 8.45

சரி, எண்ணிக்கையில் விழுந்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைக்காரர் எப்படிக் கொடுத்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை. அந்தக் காலத்தில் யாரும் ஐந்தில் இரண்டைக் கழித்து மூன்றைக் கொடுக்க மாட்டார்கள். பொருளின் விலையிலிருந்து மேலே ஏறுவார்கள். காரைக் கையில் கொடுத்து "ரெண்டு" என்பார்கள், பிறகு ஒவ்வொரு காசாக வைத்து "ரெண்டே இருபது, ரெண்டே நாப்பது, ரெண்டே அறுபது, ரெண்டே எண்பது, மூணு". கடைசியில் நோட்டு, "அஞ்சு". இப்படி எண்ணினால் தப்பவே முடியாது. உங்கள் கடைக்காரர் நோட்டை முதலில் கொடுத்திருக்கிறார். நோட்டை முதலில் வைத்துவிட்டு மேலே காசைக் கொட்டுவது அவசரத்தில் செய்வது, இல்லையென்றால் வேண்டுமென்றே செய்வது. உள்ளங்கையில் நோட்டு இருந்தால் காசு அதன் மேல் வழுக்கும், வாங்குகிறவன் எண்ணுவதைவிட்டுப் பிடிப்பதில் இருப்பான்.

கதைக்காரன் | மே 19, காலை 7.15

இது எனக்குத் தோன்றவே இல்லை. நோட்டு முதலில் வந்தது நினைவில் இருப்பதை அப்படியே எழுதினேன், அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை. வேண்டுமென்றே செய்தாரா? தெரியவில்லை. ஐந்தாவது காசு அவர் கையிலேயே ஒட்டியிருக்கலாம், கீழே மணலில் விழுந்திருக்கலாம். அலுமினியக் காசு மணலில் விழுந்தால் சத்தமும் வராது.

எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பம்பரம் முக்கால் ரூபாய். பையன் மூன்று காசை நீட்டினான். பம்பரக்காரர் சிரித்தார். "இன்னா நைனா, அறுபது குடுக்கிறே, எழுவத்தஞ்சு சொன்னேன்." அப்போதுதான் கையைப் பார்த்தான். நாலாவது காசையும் கொடுத்தான். எண்பது. சதுரமாக ஒரு ஐந்து பைசா திரும்பி வந்தது.

அந்த ஐந்து பைசாவைப் பார்த்துத்தான் அவன் பின்னோக்கிக் கணக்குப் போட்டான். திட்டப்படி காரும் ஊதலும் எட்டு, பம்பரம் மூன்று, சொப்பு ஐந்து, மொத்தம் பதினாறு. விரல்கள் சரியாக முடியும். இப்போது கையில் ரெண்டு ரூபாய் நோட்டும் ஐந்து பைசாவும். இருக்க வேண்டியது ரெண்டேகால். குறைவது இருபது பைசா, அதாவது ஒரே ஒரு காசு. காசு குறைந்த இடம் ஒன்றுதான் இருக்க முடியும்.

திரும்பிப் போய்க் கேட்டான். "அண்ணே, ஒரு இருபது காசு குறையுது." கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "எண்ணித்தானே வாங்கினே?" என்றார். எண்ணித்தான் வாங்கினான். அதுதான் பிரச்சினை.

லுங்கிக்கடை | மே 19, காலை 10.00

கடையைவிட்டு நகர்ந்த பிறகு யாரும் கொடுக்க மாட்டார்கள். நானும் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பையன் திரும்பி வந்தான் என்றால் ஒரு ஊதலாவது கொடுத்து அனுப்பியிருப்பேன்.

கதைக்காரன் | மே 19, இரவு 11.10

ஊதல் ஏற்கெனவே இருந்தது.

கடைசிப் பகுதி. சொப்புக் கடை. ஒன்னேகால். பையனிடம் அம்மாவின் ரூபாயைத் தவிர்த்து ஒரு ரூபாயும் ஐந்து பைசாவும். கட்டை விரலைத் தொடலாமா என்று யோசித்தான். தொட்டால் வீட்டில் இருபது பைசாவுக்குக் கதை சொல்ல வேண்டும், கதையில் எண்ணத் தெரியாதவன் என்று ஆகும். பம்பரத்தைத் திருப்பலாம், ஆனால் கயிறு சுற்றி ஒரு தடவை விட்டுப் பார்த்தாயிற்று, ஆணி தேய்ந்திருக்கிறது.

ஆக பேரம். "ஒரு ரூபாய்க்குக் குடுப்பீங்களா?" சொப்புக்கார அம்மா முடியாது என்றார். வாணவேடிக்கை ஆரம்பித்து எல்லோரும் ஆற்றுப் பக்கம் ஓடினார்கள். கடையில் அவன் மட்டும். அந்த அம்மா பெட்டியைத் திறந்து, அடுப்பு, பானை, கரண்டி, குடம், அம்மி என்று பார்த்து, அம்மியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "ஒரு ரூபா. எடுத்துக்கினு போ."

வீட்டுக்கு ஒரு ரூபாய் போய்ச் சேர்ந்தது. ஐந்து பைசா டவுசர் பையில் துவைக்கும் வரை இருந்தது. 2011-இல் நாலணாவே செல்லாது என்று ஆனபோது அந்தச் சதுரக் காசு நினைவுக்கு வந்தது, அப்படித்தான் இந்தக் கதை தொடங்கியது. இப்போது விரல் பகுதியையும் வாத்தியாரின் மா கணக்கையும் சேர்த்துத் திருத்தி எழுதப் போகிறேன்.

ஆம்பூர்வாசி | மே 20, காலை 8.05

அம்மியை எடுத்ததால் விலை சரியாகக் குறைந்ததா? ஐந்து சாமான் ஒன்னேகால் என்றால் ஒன்று நாலணாதானே? அப்படியானால் அந்த அம்மாவுக்கு நஷ்டமே இல்லை.

கதைக்காரன் | மே 20, காலை 8.30

இத்தனை நாளில் நீங்கள் கேட்ட முதல் சரியான கேள்வி. ஆமாம், பங்குக்கு நாலணா. பேரத்தில் ஜெயித்தேன் என்று இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபாலபுரம் வீட்டுக்காரி | மே 20, இரவு 9.50

அண்ணா, நான்தான். யாரோ லிங்க் அனுப்பினார்கள். இரண்டு திருத்தம். சொப்பில் இல்லாமல் வந்தது அம்மி இல்லை, குடம். அம்மி இருந்தது, அதில் மண் அரைத்து நீயே கொடுத்த சட்னியைத் தின்னச் சொல்லி என்னை அழ வைத்தாய். இன்னொன்று, அன்றைக்கு நீ வீட்டுக்கு வரும்போது உன் நாக்கும் உதடும் ரத்தச் சிவப்பு. ஆயா வெற்றிலை போட்டாயா என்று அடிக்க வந்தாள். குச்சி ஐஸ் என்று நீயே சொன்னாய். அந்த ஐஸ் எவ்வளவு என்று இவர்களுக்குச் சொல்லவே இல்லையே?

கதைக்காரன் | மே 20, இரவு 10.40

ஐஸ் மாமா வாங்கிக் கொடுத்தது.

கோபாலபுரம் வீட்டுக்காரி | மே 20, இரவு 10.43

மாமா மத்தியானமே பேர்ணாம்பட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

சில்லறைப்பை | மே 21, காலை 6.15

நோட்டுக்கு மேலே வைத்த காசு நாலா, ஐந்தா என்று ஒரு தடவை நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.